உங்களுக்குத் தெரியுமா? ரீல்ஸுக்குக் கீழே ஒரு வரி

இந்த வாரத் துணுக்குகள் பெரும்பாலும் ஒரே ஒரு ரீல்ஸைச் சுற்றித்தான். எங்கள் வீட்டில் எடுத்தது, மொத்தம் 22 விநாடி. அப்பா ஆறு நாள் ஊரில் இல்லை. சனிக்கிழமை ராத்திரி வந்து சேர்ந்தார். ஞாயிறு காலையில் காபிகூடக் குடிக்காமல் தினசரி காலண்டர் முன்னால் போய் நின்றார். தேங்கிப்போயிருந்த தாள்களை மொத்தமாகப் பிடித்து இழுத்திருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. திங்கள்கிழமைத் தாளைக் கிழித்தார், கண்ணருகே கொண்டுபோய் அடியில் பொடியெழுத்தில் இருக்கும் ராசிபலனைப் படித்தார், மடித்து வைத்தார். அப்புறம் செவ்வாய், அப்புறம் புதன். ஐந்தாவது தாளில், வெள்ளிக்கிழமையில், கொஞ்சம் நின்றார். இடது கையால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். அந்த இடத்தோடு வீடியோ முடிகிறது.

இதற்குக் கீழே என்ன எழுதுவது?

கண்ணுக்குத் தெரிந்ததைக் கை எழுதும்

நான் முதலில் தட்டியது "அப்பா காலண்டர் கிழிக்கிறார்". எல்லோருமே முதலில் இப்படித்தான் எழுதுவோம். பூனை தூங்கினால் "என் பூனை தூங்குகிறது", மழை பெய்தால் "எங்க ஊரில் மழை". வீடியோ ஏற்கெனவே சொல்லிவிட்டதை அந்த வரி இன்னொரு தடவை சொல்கிறது. கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு "இதோ மாப்பிள்ளை தாலி கட்டுகிறார்" என்று சொல்பவரைப் போல. நாங்களும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் ஐயா.

இதற்கு 1964-லேயே பெயர் வைத்துவிட்டார்கள்

பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் அந்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். எடுத்துக்கொண்ட படம் பன்ஸானி என்ற கம்பெனியின் பாஸ்தா விளம்பரம். படத்தோடு வரும் எழுத்து இரண்டு விதமாக வேலை செய்யும் என்றார். ஒன்று, நங்கூரம் மாதிரி: படத்துக்கு இருக்கக்கூடிய பல அர்த்தங்களில் ஒன்றைப் பிடித்து நிறுத்தும். இன்னொன்று, தொடர் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றுவது மாதிரி: படம் பாதி தூரம் ஓடும், மீதியை எழுத்து ஓடும், இரண்டும் சேர்ந்தால்தான் விஷயம் முடியும். கார்ட்டூனும் சித்திரக்கதையும் இரண்டாவது வகை. சிரிக்க வைக்கும் ரீல்ஸ் கேப்ஷனும் அதே வகைதான்.

பாதியை மூடிப் பார்க்கும் சோதனை

கேப்ஷன் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. வரியை விரலால் மூடிவிட்டு வீடியோவைப் பாருங்கள். பிறகு வீடியோவை மூடிவிட்டு வரியை மட்டும் படியுங்கள். இரண்டில் எது தனியாக இருந்தாலும் சிரிப்பு வரக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் மட்டுமே வரவேண்டும். நம் வாரப் பத்திரிகை ஜோக்குகளில் பலவும் இந்தச் சோதனையில் தேறாது. நர்ஸும் டாக்டரும் பேசிக்கொள்வார்கள், மேலே ஒரு நர்ஸும் ஒரு டாக்டரும் நிற்பார்கள். படத்தை மூடினாலும் ஜோக் அப்படியே நிற்கும். அது குறை இல்லை, அது வேறு பண்டம். அந்தப் பழக்கத்தில்தான் நாம் ரீல்ஸுக்குக் கீழேயும் தனியாக நிற்கும் ஜோக்கை ஒட்டிவிடுகிறோம். வீடியோவுக்கும் வரிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஆகிவிடுகிறது.

சிரிப்பு எழுத்தை முதலில் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒரு பெண்

பேசாத படங்களில் காட்சிக்கு நடுவே எழுத்துப் பலகை வரும். "மறுநாள் காலை", "அவள் துடித்துப் போனாள்" என்று பெரும்பாலும் தகவல்தான். அமெரிக்காவின் அனிடா லூஸ் அந்தப் பலகையில் குறும்பை எழுத ஆரம்பித்தார். டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்து 1916-ல் வந்த 'ஹிஸ் பிக்சர் இன் த பேப்பர்ஸ்' அதற்குப் பேர்போன படம். படம் பார்க்க வருகிறவர்கள் படிப்பதற்காக வருவதில்லை என்று இயக்குநர் கிரிஃபித் முதலில் முகம் சுளித்ததாக லூஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அரங்கில் ஜனங்கள் பலகையைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். அதே கிரிஃபித் தன்னுடைய 'இன்டாலரன்ஸ்' படத்துக்கு எழுத்துப் பலகை எழுத லூஸையே கூப்பிட்டார்.

லூஸுக்கு ஒரு வசதி இருந்தது. அவருடைய பலகை வரும்போது படம் நின்றுவிடும், ஜனங்கள் நிதானமாகப் படிப்பார்கள். நம் வரி, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் படிக்கப்பட வேண்டும்.

திரும்ப ஓடுவது நமக்குச் சாதகம்

ரீல்ஸ் முடிந்ததும் தானாக மறுபடி முதலிலிருந்து ஓடும். கண் முதலில் அசைவதன் மேல்தான் போகும், எழுத்துக்கு அப்புறம்தான் வரும். அதனால் நிறைய பேர் வீடியோவைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, வரியைப் படித்துவிட்டு, மறுபடி வீடியோவுக்குத் திரும்புகிறார்கள். நல்ல கேப்ஷன் அந்த இரண்டாவது பார்வைக்கு ஒரு காரணம் தருகிறது. "அப்பா காலண்டர் கிழிக்கிறார்" என்று படித்தவருக்குத் திரும்பிப் பார்க்க ஒன்றும் இல்லை. பார்க்கப்படும் நேரம், லைக், அடுத்தவருக்கு அனுப்புவது ஆகிய மூன்றும்தான் முக்கியமான அளவுகோல்கள் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னார். கேப்ஷன் இவற்றில் எங்கும் நேரடியாக இல்லை. ஆனால் மூன்றையும் பின்னாலிருந்து தள்ளிவிட அதனால் முடியும்.

அடித்துத் திருத்தியவை

இரண்டாவதாக எழுதியது: "கடைசியில் என்ன நடந்துச்சு பாருங்க!" கடைசியில் ஒருவர் சட்டைப் பையைத் தடவுகிறார், அவ்வளவுதான். இதை நம்பி 22 விநாடி உட்கார்ந்தவர் என்னைத் திட்டுவார், திட்டுவதில் நியாயமும் உண்டு.

மூன்றாவது: "அப்பாவும் ராசிபலனும்", பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் மூன்று. ஜோக் சொல்பவனே முதலில் சிரித்துவிட்டால் கேட்பவருக்கு என்ன மிச்சம்? முகங்களை எடுத்துவிட்டால் அந்த வரியில் ஒன்றுமே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

நான்காவது: "வெள்ளிக்கிழமை 'வரவு'ன்னு போட்டிருக்கும் போல, பையைத் தடவுறாரு." இது சிரிப்புதான். ஆனால் வீடியோவின் கடைசி நொடியை வரியே விழுங்கிவிட்டது. பார்ப்பவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதை நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். ஜோக் கேப்ஷனில் அடிக்கடி நடக்கும் தப்பு இது. முடிவைச் சொல்லக்கூடாது, முடிவு புரிவதற்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் கொடுக்க வேண்டும்.

வீடியோவில் இல்லாதது என்ன என்று அப்புறம்தான் யோசித்தேன். அவர் ஆறு நாள் ஊரில் இல்லை என்பது வீடியோவில் இல்லை. அவர் படிப்பது முடிந்துபோன நாட்களின் பலன் என்பதும் இல்லை. கடைசியில் நின்ற வரி:

"போன வாரம் எப்படின்னு இப்பதான் பாக்குறாரு."

பை, வரவு, ராசி எதுவும் அதில் கிடையாது. ஆனால் இதைப் படித்துவிட்டு அப்பாவின் கை பைக்குப் போவதைப் பார்த்தால் மீதியைப் பார்ப்பவரே போட்டுக்கொள்கிறார்.

தமிழில் ஜோக் கடைசிச் சொல்லில், ஆப் வெட்டுவதும் அங்கேயே

ரீல்ஸ் ஓடும்போது கேப்ஷனில் முதல் வரி மட்டும்தான் தெரியும், அதுவும் முழுசாக இல்லை. மீதி மூன்று புள்ளிக்குப் பின்னால் போய்விடும், தட்டினால்தான் விரியும். எந்த இடத்தில் வெட்டும் என்பது போனின் அகலத்தையும் எழுத்தளவையும் பொறுத்தது.

தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும், வாக்கியத்தின் திருப்பமும் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். நேரில் ஜோக் சொல்ல இதைவிடத் தோதான அமைப்பு கிடையாது, கடைசி நொடிவரை இழுத்துப் பிடிக்கலாம். ரீல்ஸில் அதே அமைப்பு காலை வாரிவிடுகிறது. "ஊருக்குப் போயிட்டு ஆறு நாள் கழிச்சு நேத்து ராத்திரி வந்த எங்க அப்பா போன வாரம்…" என்று நின்றுவிட்டால் படித்தவருக்குக் கிடைத்தது ஒரு பயண விவரம்.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, வரியைக் குறுக்குவது. இன்னொன்று, நாம் பேசும்போது செய்வதையே செய்வது. "வந்துட்டாரு, உங்க மாமா" என்று வினையை முன்னால் போட்டு ஆளைப் பின்னால் சொல்கிறோமே, அந்த மாதிரி: "இப்பதான் பாக்குறாரு, போன வாரம் எப்படின்னு." வெட்டினாலும் "இப்பதான் பாக்குறாரு…" என்பது தூண்டிலாக நிற்கும். இருந்தாலும் நான் முதல் வடிவத்தையே வைத்துக்கொண்டேன். என் போனில் அது முழுசாகத் தெரிந்தது, காதுக்கும் அதுதான் இயல்பாக இருந்தது. பெரிய எழுத்து வைத்திருக்கும் என் பெரியம்மா போனில் "இப்பதான்" என்பதோடு நின்றுவிட்டது. பெரியம்மா தட்டிப் பார்த்தார்களாம்.

எழுத்து எண்ணிக்கையில் ஒரு குளறுபடி

"தமிழ்" என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. "ஞாயிற்றுக்கிழமை" நமக்கு 8 எழுத்து, யூனிகோடில் 15 குறி. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் ஏறுவதுதான் காரணம். இன்ஸ்டாகிராம் கேப்ஷனின் உச்ச வரம்பு 2,200 குறி என்பதால் வரம்பை நாம் சீக்கிரம் தொடுவோம். சிறு ஜோக்குக்கு அந்த வரம்பு ஒரு பொருட்டே அல்ல. திரையின் அகலம்தான் பொருட்டு. "ஞாயிற்றுக்கிழமை" ஒன்றே முதல் வரியில் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் "ஞாயிற்றுக்கிழமை காலை" என்று ஆரம்பித்த வரிகளை எல்லாம் கைவிட்டது அதனால்தான்.

ஒரு சுத்தியல், ஒரு பதில்

2019 மே மாதக் கடைசியில் ஃபேஸ்புக்கில் பொறியாளர்கள் பக்கம் ஒன்றில் சுத்தியல் படத்தைப் போட்டு, இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். தமிழ்க்காரர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. தட்டினால் 'டங் டங்' என்று சத்தம் வரும், ஜமீன் பங்களாவில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையை இதுதான் உடைத்தது என்று செய்தி வாசிப்பது போல எழுதினார். 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு வாங்கிய அடி அது. இன்னொருவர் நேசமணிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க, #Pray_for_Nesamani பிறந்தது, மறுநாள் உலகம் முழுக்க ஓடியது.

கவனிக்க வேண்டியது அந்தப் பதிலின் குரலைத்தான். அதில் சிரிப்பு முகம் இல்லை, "ஹாஹா" இல்லை. படத்தில் இருப்பது வெறும் சுத்தியல். அதில் இல்லாத ஒரு விபத்தை முகத்தில் சலனமில்லாமல் சேர்த்தார் அவர். கண் சிமிட்டியிருந்தால் யாரும் நலம் விசாரித்திருக்க மாட்டார்கள்.

வரியைப் பேசுவது யார்?

ஆர்.கே.லக்ஷ்மண் 1951-ல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் தொடங்கிய 'யூ செட் இட்' கார்ட்டூனில் கட்டம்போட்ட கோட்டுக்காரர் வாயே திறக்கமாட்டார். கீழே இருக்கும் வரியைப் பேசுவது எப்போதும் வேறு யாரோ: மந்திரி, குமாஸ்தா, சில நேரம் அவர் மனைவி. சிரிப்பு அந்தப் பேச்சில் பாதி, பேசாத முகத்தில் பாதி.

ரீல்ஸிலும் இதைச் செய்து பார்க்கலாம். அதே காலண்டர் வீடியோவுக்கு அம்மாவின் குரல்: "ஆறு நாள் கழிச்சு வந்திருக்காரு, என்னை ஒரு வார்த்தை கேக்கல." காலண்டரின் குரல்: "ஆறு நாளா என்னை யாரும் தொடல." இரண்டுமே மோசமில்லை, இரண்டாவது கொஞ்சம் செல்லம் அதிகம். அம்மாவின் வரியைப் போட்டிருந்தால் வீடியோ கணவன் மனைவி கதையாகியிருக்கும், ராசிபலன் பின்னுக்குப் போயிருக்கும். ஒரே 22 விநாடி, வரி மாறினால் படமே வேறு.

பி.ஓ.வி. போடுமுன்

அந்த மூன்று எழுத்துக்கு, கேமராதான் அந்த ஆளின் கண் என்று அர்த்தம். "பி.ஓ.வி.: நீங்கள் லேட்டாக வந்த மாணவர்" என்றால் வாத்தியார் முறைப்பதுதான் திரையில் தெரியவேண்டும், மாணவராக நடிக்கும் உங்கள் முகம் அல்ல. இதை இனிமேல் யாராலும் திருத்த முடியாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

தூண்டிலுக்கும் ஏமாற்றுக்கும் உள்ள இடைவெளி

நமக்குத் தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவில் ஓர் இடைவெளி கண்ணில் பட்டால் அது அரிப்பு மாதிரி படுத்தும், ஆர்வம் என்பது அதுதான் என்று பேராசிரியர் ஜார்ஜ் லோவென்ஸ்டைன் 1994-ல் எழுதினார். கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் அந்த அரிப்பு வரும், ஒன்றுமே தெரியாவிட்டால் வராது என்பது அதில் முக்கியமான இடம். "கடைசியில் பாருங்க" என்பது ஒன்றுமே கொடுக்காமல் கேட்கிறது. "ஐந்தாவது தாள்ல நின்னுட்டாரு" என்பது ஒரு பிடியைக் கொடுத்துவிட்டுக் கேட்கிறது: எது ஐந்தாவது, ஏன் நின்றார்? ஜோக்கைவிடத் தூண்டில்தான் வேண்டும் என்றால் நான் இதைப் போட்டிருப்பேன்.

"உங்க ராசி என்னன்னு கமென்ட்ல போடுங்க" என்று சேர்க்க ஒரு நண்பர் சொன்னார். இப்படி லைக், கமென்ட், ஷேர் கேட்டுக் கெஞ்சும் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளுவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்தது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், ஜோக் சொல்லிவிட்டுத் துண்டை ஏந்துவது எனக்கே கூச்சமாக இருந்தது.

ஜோக்கைத் தேடினால் கிடைக்காது

இந்த வகை கேப்ஷனுக்கு ஒரு நிஜமான நஷ்டம் உண்டு. "போன வாரம் எப்படின்னு" என்ற வரியில் காலண்டர் என்ற சொல்லே இல்லை. தினசரி காலண்டர் வீடியோ தேடுகிறவருக்கு அது எப்படி அகப்படும்? தேடலில் கிடைக்க வேண்டுமானால் அதற்குரிய சொற்களைக் கேப்ஷனிலேயே வையுங்கள், கமென்டில் வைத்தால் பலனில்லை என்று இன்ஸ்டாகிராமே 2021-ல் விளக்கியது. அதனால் முதல் வரியில் ஜோக், ஒரு வரி விட்டு, வெட்டுக்குப் பின்னால் சாதாரணமாக "தினசரி காலண்டர், ராசிபலன், ஞாயிறு காலை" என்று போட்டுவைத்தேன். இடம் மாறினால் கெட்டது: முதல் வரியில் ஹேஷ்டேக் வரிசை ஏறினால் ஜோக் புள்ளிக்குப் பின்னால் போய்விடும்.

சமையல் குறிப்பு, தொலைந்த பொருள், ரத்தம் தேவை, சாலை மூடல் இதற்கெல்லாம் முதல் வரியிலேயே விவரம்தான் வேண்டும். ஒருமுறை வற்றல் குழம்பு ரீல்ஸுக்கு "மாமியார் பார்க்காதவரை இது குழம்பு" என்று போட்டேன். வந்த கமென்டில் முக்கால்வாசி "புளி எவ்வளவு?"

கடைசியாக அப்பா

அவரைக் கேட்காமல் போடக்கூடாது என்று இரண்டு நாள் கழித்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தார். வரியைப் படித்துச் சிரித்தார். "வரவுன்னு பாத்துட்டுத்தானே பையைத் தடவுனீங்க?" என்றேன்.

"வரவா? வெள்ளிக்கிழமை சிம்மத்துக்கு 'மறதி'ன்னு போட்டிருந்துச்சுடா. பீரோ சாவியை ஊர்லயே விட்டுட்டு வந்துட்டேனோன்னு பாத்தேன்."